வைவாவில் ஓபன் டிபியா: ஆன்டிபயாடிக் எப்போது, ஃப்ளாப் எப்போது? என் விடையைப் பிரித்து மேயுங்கள்

நைட்டுட்யூட்டி_முருகு

எம்.எஸ் ஆர்த்தோ கடைசி வருடம். வைவாவுக்குப் பழக யூனிட்டில் ஒரு கேஸ் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

34 வயது ஆண். மாலை 7 மணிக்கு பைக்கில் போகும்போது லாரி உரசி, வயலோர வாய்க்காலில் விழுந்திருக்கிறார். வலது கால், டிபியாவின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் சேருமிடத்தில், உள்பக்கமாக 12 செ.மீ. காயம். எலும்பு தெரிகிறது. சேறும் வைக்கோலும் ஒட்டியிருக்கின்றன. 7.50க்கு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே கட்டுப்போட்டு, டி.டி. ஊசி போட்டு, 108ல் ஏற்றி அனுப்பினார்கள். நம் காசுவாலிட்டிக்கு வந்து சேர்ந்தது 10.30. பாதத்தில் நாடி கிடைக்கிறது, உணர்ச்சி இருக்கிறது. பி.பி. 118/76. வேறு காயம் இல்லை.

நான் எழுதி வைத்திருக்கும் வரிசை: ஏ.டி.எல்.எஸ். முறையில் முதல் பரிசோதனை, காயத்தைப் பார்த்து கஸ்டிலோ வகை சொல்வது, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, டைப் 3பி என்பதால் செஃபசோலின், ஜென்டாமைசின், பென்சிலின் மூன்றும், 6 மணி நேரத்துக்குள் டிப்ரைட்மென்ட், எக்ஸ்டர்னல் ஃபிக்ஸேட்டர், வேக் டிரெஸ்ஸிங், 48 மணி நேரத்தில் இரண்டாவது பார்வை, பிறகு பிளாஸ்டிக் சர்ஜரிக்கு ரெஃபர்.

எங்கே அடி விழும்?

குவார்ட்டர்ஸ்_12

நல்லாத்தானே இருக்கு மச்சான். டைப் 1, 2 என்றால் செஃபசோலின் மட்டும். டைப் 3 என்றால் ஜென்டா சேரும். வயல் சேறு என்றால் பென்சிலின் சேரும். 6 மணி நேரத்தை அழுத்திச் சொல், அதுதான் எக்ஸாமினருக்கு வேண்டும். கீழ்ப்பகுதி என்பதால் ஃப்ரீ ஃப்ளாப். முடிந்தது. ஓவராக யோசிக்காதே.

ஆர்த்தோ_பழசு

முருகு, பட்டியலில் இருப்பதெல்லாம் தேவையானவைதான். வரிசைதான் உதைக்கிறது. ஆன்டிபயாடிக்கை எக்ஸ்ரேவுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் பிறகு வைத்திருக்கிறீர்கள். எக்ஸாமினராக இருந்தால் நான் அங்கேயே நிறுத்திவிட்டு, "இப்போது மணி என்ன?" என்று கேட்பேன். கேஸில் அத்தனை நேரத்தையும் கொடுத்திருப்பதே அதற்காகத்தான். அடிபட்டு மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் ஒரு டோஸ்கூட உள்ளே போகவில்லை. கடிகாரம் ஓடத் தொடங்கியது 7 மணிக்கு, உங்கள் காசுவாலிட்டி வாசலில் அல்ல.

இதற்கு இரண்டு ஆய்வுகள் கையில் இருந்தால் போதும். பட்சாகிஸும் வில்கின்ஸும் 1989ல் சொன்னது: 3 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போனவர்களில் தொற்று 4.7 சதவீதம், அதற்குப் பிறகு போனவர்களில் 7.4 சதவீதம். அடுத்தது 2015ல் லாக் குழு வெளியிட்டது. அது டைப் 3 டிபியா மட்டும், 137 பேர். அடிபட்டு 66 நிமிடம் தாண்டி முதல் டோஸ் போனதும், 5 நாள் தாண்டிக் காயம் மூடப்பட்டதும் தனித்தனியாகத் தொற்றைக் கூட்டின. உங்கள் கேள்வியின் இரண்டு பாதிகளும் அந்த ஒரே தாளில் இருப்பதால் வைவாவுக்கு அது தோதாக இருக்கும். ஆனால் அது பின்னோக்கிப் பார்த்த ஆய்வு. 65வது நிமிடம் நல்ல நிமிடம், 67வது கெட்ட நிமிடம் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. "ஒரு மணி நேரத்துக்குள்" என்று சொல்லுங்கள், அது போதும்.

இன்னொரு ஓட்டை. காசுவாலிட்டியில் நின்றுகொண்டு டைப் 3பி என்று முடிவு கட்டுகிறீர்கள், அதை வைத்து மருந்தும் தேர்ந்தெடுக்கிறீர்கள். கஸ்டிலோ வகையைத் தியேட்டரில் டிப்ரைட்மென்ட் முடிந்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். மருந்தோ அதற்குப் பல மணி நேரம் முன்பே போயாக வேண்டும். அதனால் காசுவாலிட்டியில் வகை எண்ணைச் சொல்லாதீர்கள். கண்ணில் படுவதைச் சொல்லுங்கள்: பெரிய விசை, பெரிய காயம், வயல் அழுக்கு. அதை வைத்து மருந்தைத் தொடங்குங்கள்.

குவார்ட்டர்ஸ் தம்பி, அந்த 6 மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1898ல் ஃப்ரீட்ரிஷ் என்பவர் கினிப் பன்றிகளின் காயத்தில் தோட்டத்து மண்ணையும் மாடிப்படித் தூசியையும் வைத்துப் பார்த்தது. ஆன்டிபயாடிக்கே இல்லாத காலம். அதை எக்ஸாமினரிடம் வேதவாக்காகச் சொன்னால் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஎச்சி_டாக்டர்

கேஸில் வரும் அந்த 7.50 ஆசாமி நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டுவதற்கு முன் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள் சார். எங்கள் அலமாரியில் இருப்பது செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் குப்பி. செஃபசோலின் கிடையாது. முன்கையில் டெஸ்ட் டோஸ் போட்டு அரை மணி நேரம் பார்க்காமல் போட்டால் நாளைக்கு எங்களைத்தான் கேட்பார்கள். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். "பெரிய ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்வார்கள்" என்று ஏற்றிவிடுவோம்.

ஆர்த்தோ_பழசு

டாக்டர், திட்ட மாட்டேன். இருக்கிறதைப் போடுங்கள். பல ட்ராமா மையங்களில் டைப் 3க்கு செஃப்ட்ரியாக்சோனை மட்டுமே தருகிறார்கள். சரியான மருந்து மூன்று மணி நேரம் கழித்துப் போவதைவிட, ஏறக்குறைய சரியான மருந்து முதல் மணி நேரத்தில் போவது மேல். பெனிசிலினுக்கோ செஃபலோஸ்போரினுக்கோ முன்பு ஒவ்வாமை வந்ததா என்று கேளுங்கள். இல்லை என்றால் தோலில் போட்டுப் பார்க்கும் சோதனையால் பெரிதாக எதுவும் தெரிய வராது என்பது என் கருத்து. ஆனால் உங்கள் இடத்து விதி அதுதான் என்றால் நான் இங்கிருந்து மாற்ற முடியாது. அப்படியானால் வந்ததும் முதல் வேலையாக அந்த டெஸ்ட் டோஸைப் போட்டுவிட்டு, கட்டையும் ஸ்ப்ளின்ட்டையும் அதன் பிறகு போடுங்கள். காத்திருக்கும் அரை மணியில் அந்த வேலை முடிந்துவிடும். ரெஃபரல் சீட்டில் மருந்து, அளவு, நேரம் மூன்றையும் எழுதுங்கள். சீட்டில் நேரம் இல்லாததால் இங்கே ஒன்று இரண்டாவது முறை போடுகிறார்கள், இல்லாவிட்டால் போட்டாயிற்று என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

முருகு, ரெஃபரல் போன் வரும்போதே "ஆன்டிபயாடிக் போட்டுவிட்டு அனுப்புங்கள்" என்று சொல்வேன் என உங்கள் விடையில் ஒரு வரி சேருங்கள். எக்ஸாமினர் நிமிர்ந்து பார்ப்பார்.

லீட்ஸ்_குளிரில்

இங்கே எஃப்.ஆர்.சி.எஸ். வைவாவுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு பிரிட்டிஷ் ஆர்த்தோ சங்கத்தின் போஸ்ட் வழிகாட்டுதல்தான் அடிப்படை. மருந்து ஒரு மணி நேரத்துக்குள். டிப்ரைட்மென்டுக்கு மூன்று கணக்கு: வயல், சாக்கடை, நீர்நிலை அழுக்கு இருந்தாலோ ரத்த ஓட்டம் போயிருந்தாலோ உடனடியாக; அவை இல்லாத பெரிய விசைக் காயம் என்றால் 12 மணி நேரத்துக்குள்; மற்றவை 24 மணி நேரத்துக்குள். முருகுவின் கேஸில் வயல் சேறு இருப்பதால் "உடனடி"யில் வரும். அதனால் "6 மணி நேரம்" என்பதற்குப் பதில் "வயல் அழுக்கு இருப்பதால் இன்றிரவே, சீனியர் ஆர்த்தோவும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து" என்று சொல்லலாம். அப்போது கேஸைப் படித்துப் பதில் சொன்னதாக இருக்கும்.

மருந்தில் நம் ஊருக்கும் இங்கேயும் வித்தியாசம் உண்டு. இங்கே பல இடங்களில் கோ-அமாக்ஸிக்ளாவ் 1.2 கிராம், 8 மணிக்கொரு தடவை. டிப்ரைட்மென்டின்போது ஒரு டோஸ் ஜென்டாமைசின். வைவாவில் எந்த ஊர் விதியைச் சொல்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சண்டை குறையும்.

அப்புறம், காசுவாலிட்டியில் காயத்தைக் கழுவுவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? கையில் எடுக்க வருகிற வைக்கோல், கல்லை எடுத்து, ஒரு போட்டோ, சலைன் நனைத்த காஸ், மேலே ஒட்டும் படலம், காலை நேராக்கி ஸ்ப்ளின்ட், மறுபடி நாடி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவரும் கட்டைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, போட்டோவைக் காட்டு.

அண்ணனுக்காக

வணக்கம் டாக்டர்களே. நான் மருத்துவர் இல்லை. என் அண்ணனுக்கும் இதே மாதிரி பைக் விபத்து. வெளியே கம்பி மாட்டி, ஸ்பான்ஜ் வைத்து மெஷினால் உறிஞ்சுகிற கட்டுப் போட்டிருக்கிறார்கள். சில வாரமாக அதையே மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். எலும்பு இன்னும் தெரிகிறது. ஆன்டிபயாடிக் தினமும் போகிறது. நீங்கள் சொல்லும் ஒரு மணி நேரம் தாண்டிவிட்டதே, இனி காலை எடுத்துவிடுவார்களா?

ஃப்ளாப்_மீனா

தம்பி, பயப்படாதீங்க. ஒரு மணி நேரம் தாண்டினால் காலை எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. அது தொற்று வரும் வாய்ப்பைக் குறைப்பதற்கான கணக்கு. காலைப் பார்க்காமல் இங்கிருந்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள்: "எலும்பை எப்போது, எதை வைத்து மூடப் போகிறீர்கள்? பிளாஸ்டிக் சர்ஜன் பார்த்தாரா? இங்கே இல்லை என்றால் எங்கே அனுப்பலாம்?" வெறும் எலும்பு தெரிந்துகொண்டிருக்கும் காலுக்கு அந்த மெஷின் கட்டு ஒரு தற்காலிக ஏற்பாடுதான். இரவில் காய்ச்சலோ, சீழோ, புதிதாக வலியோ வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள்.

முருகு, உங்கள் விடையின் கடைசி வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. "பிறகு பிளாஸ்டிக் சர்ஜரிக்கு ரெஃபர்." அந்தப் "பிறகு" வருகிற நேரத்தில் எனக்கு வேண்டியதை நீங்கள் வெட்டியிருப்பீர்கள், இல்லாவிட்டால் அதன் மேல் பின் போட்டிருப்பீர்கள். காலின் உள்பக்கத்தில் போஸ்டீரியர் டிபியல் தமனியிலிருந்து தோலுக்கு வரும் பெர்ஃபரேட்டர்கள் கணுக்கால் முட்டியிலிருந்து ஏறக்குறைய 5, 10, 15 செ.மீ. உயரங்களில் இருக்கும். காயத்தை நீட்டும்போது டிபியாவின் உள்விளிம்புக்கு 1.5 செ.மீ. பின்னால், ஃபேஷியாட்டமி கோட்டிலேயே நீட்டுங்கள். இன்னும் பின்னால் போனால் அவை போய்விடும். ஃபிக்ஸேட்டர் பின்களையும் ஃப்ளாப் வருகிற இடத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கள். மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்து வைத்தால் ஃபிக்ஸேட்டர் பார் குறுக்கே நிற்கும், அல்லது தமனியை எடுக்கப் போகிற இடத்திலேயே ஒரு பின் இருக்கும். ரெஃபரல் சீட்டில் "எக்ஸ் ஃபிக்ஸ் போட்டாயிற்று" என்று பார்த்தாலே எனக்கு முதலில் வரும் பயம் இதுதான்.

அடுத்து, கீழ்ப்பகுதி என்றால் ஃப்ரீ ஃப்ளாப் என்ற வாய்ப்பாடு. மேல்பகுதிக்கு கேஸ்ட்ராக்னீமியஸ், நடுப்பகுதிக்கு சோலியஸ், கீழே ஃப்ரீ ஃப்ளாப் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். தொடங்குவதற்கு அது சரி. ஆனால் முடிவு செய்வது இடம் மட்டும் இல்லை. உங்கள் கேஸில் டிப்ரைட்மென்டுக்குப் பிறகு 7க்கு 5 செ.மீ. எலும்பு திறந்து நிற்கிறது என்று வைப்போம். இடமோ நடுவும் கீழும் சேருமிடம். சோலியஸ் எட்டக்கூடும். ஆனால் அடிபட்ட விசை அதன் மேலேயே போயிருக்கிறது, தியேட்டரில் அது சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் வருகிறதா என்று பார்க்காமல் அதை நம்பக் கூடாது. காயம் சிறியதாக, பக்கத்துத் தோல் நசுங்காமல் இருந்தால் ஒரு பெர்ஃபரேட்டரின் மேல் திருப்பிவிடும் ப்ரொபெல்லர் ஃப்ளாப் போதும். இங்கே காயமே உள்பக்கம்தான். டாப்ளரில் சத்தம் கேட்டாலும் அந்தப் பெர்ஃபரேட்டர் அடிபட்ட பகுதிக்குள் இருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. ஆகவே இந்தக் காலுக்கு நானும் ஃப்ரீ ஃப்ளாப்தான் சொல்வேன், கிராசிலிஸோ தொடையிலிருந்து ஏ.எல்.டி.யோ. பதில் அதேதான். ஆனால் எக்ஸாமினர் மதிப்பெண் போடுவது அந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்பதற்கு.

குவார்ட்டர்ஸ்_12

சரி மேடம், ஃப்ரீ ஃப்ளாப்தானே, நான் சொன்னதுதானே. 72 மணி நேரத்துக்குள் என்று கோடினா நிரூபித்துவிட்டார், அதையும் சொல்லிவிட்டால் போதும்.

ஃப்ளாப்_மீனா

நிரூபித்தார் என்று சொல்லாதே தம்பி, எக்ஸாமினர் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். லூப்லியானாவின் மார்கோ கோடினா 1986ல் வெளியிட்டது 532 பேரின் கணக்கு. 72 மணி நேரத்துக்குள் செய்த ஃப்ளாப்களில் 0.75 சதவீதம் தோற்றன, தொற்று 1.5 சதவீதம். அடுத்த குழுவில் தோல்வி 12, தொற்று 17.5. பார்த்தால் மலையும் மடுவும் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த அடுத்த குழு எதுவரை தெரியுமா? 72 மணி நேரத்திலிருந்து மூன்று மாதம் வரை. ஐந்தாம் நாள் செய்ததும் எழுபதாம் நாள் செய்ததும் ஒரே மூட்டையில். அதை வைத்து நான்காம் நாள் மோசம் என்று எப்படிச் சொல்வாய்? அவர் சொன்னதன் சாரம், காயம் நாள்பட்டு வீங்கி, நாளங்களைச் சுற்றி எல்லாம் ஒட்டிக்கொள்வதற்கு முன் முடித்துவிடு என்பது. 72 மணி நேரத்தைக் குறியாக வை. முடியாவிட்டால் ஒரு வாரத்துக்குள். அதைத் தாண்டத் தாண்ட ஆபத்து ஏறும் என்று சொல்.

வேக் டிரெஸ்ஸிங் அந்த இடைவெளியை நீட்டிக் கொடுக்காது. 2018ல் இங்கிலாந்தில் 460 பேரை வைத்து நடந்த வால்ஃப் ஆய்வில் சாதாரணக் கட்டைவிட அது ஆழமான தொற்றைக் குறைக்கவில்லை. எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான், வார்டில் படுக்கை நனையாது. வார்டில் ஒருவருக்கு வேக் போட்டுவிட்டால் எல்லோருக்கும் அவசரம் போய்விடுகிறது, அதுதான் பிரச்சினையே.

நைட்டுட்யூட்டி_முருகு

இதையெல்லாம் வைத்து முதல் இரண்டு நிமிடத்தை மாற்றி எழுதினேன். பாருங்கள்.

"இது பெரிய விசையில் ஏற்பட்ட, வயல் அழுக்குள்ள ஓபன் டிபியா. அடிபட்டு மூன்றரை மணி நேரம் ஆகிறது, ஆன்டிபயாடிக் போனதாகப் பதிவு இல்லை. ஏ.டி.எல்.எஸ். முறையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வாமை கேட்டு, செஃபசோலின் 2 கிராம் ஐ.வி. போடச் சொல்வேன். 120 கிலோவுக்கு மேல் என்றால் 3 கிராம். டெட்டனஸ் தடுப்பூசி விவரம் கேட்பேன், தெரியாவிட்டால் இம்யூனோகுளோபுலினும் சேரும். பெரிய அழுக்கை நீக்கி, போட்டோ எடுத்து, சலைன் காஸ் வைத்து மூடி, நேராக்கி, நாடியையும் உணர்ச்சியையும் முன்னும் பின்னும் பதிவு செய்வேன். காயம் திறந்திருப்பதால் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் வராது என்று நினைக்க மாட்டேன். பிளாஸ்டிக் சர்ஜனை இப்போதே கூப்பிட்டு, இன்றிரவு இருவரும் சேர்ந்து டிப்ரைட்மென்ட்."

ஆர்த்தோ_பழசு

இது போதும். தியேட்டருக்குள் போனபின் ஒன்றிரண்டு கைவேலை விவரம் சொல்லுங்கள், அதில்தான் நிஜமாகச் செய்தவர் தெரிவார். எலும்பின் இரண்டு முனைகளையும் காயத்துக்கு வெளியே கொண்டுவந்து மெடுல்லரி குழியைப் பார்க்க வேண்டும். இந்தக் கேஸில் வைக்கோல் அங்கேதான் ஒளிந்திருக்கும். தசையை நிறம், உறுதி, கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் வருகிறதா என்று பார்த்து எடுப்பது. உதிரித் துண்டை ஃபோர்செப்ஸால் மெதுவாக இழுத்துப் பார்ப்பது. தசை ஒட்டில்லாமல் கையோடு வந்தால் அது தங்கக் கூடாது. கழுவ சாதாரண சலைன், குறைந்த அழுத்தம். 2015ல் வந்த ஃப்ளோ ஆய்வில் அழுத்தம் எதையும் மாற்றவில்லை, சோப்பு கலந்த குழுவில் மறு ஆபரேஷன் கூடியது. அதனால் ஜெட் லவாஜ் கதை வேண்டாம். டிப்ரைட்மென்டுக்கு முன் ஸ்வாப் கல்ச்சரும் வேண்டாம், பின்னால் தொற்றை உண்டாக்கும் கிருமியை அது பெரும்பாலும் காட்டாது.

இந்த இடத்தில் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் மதிப்பெண்ணை ஒரு தடவை போட்டுக்காட்டுங்கள். 2006ல் வந்தது, நம் ஊர்க் காயங்களை வைத்தே உருவானது. தோல் இழப்பு எலும்பு முறிவின் மேலேயே இருப்பதால் தோலுக்கு 4. பட்டர்ஃபிளை துண்டு சுற்றளவில் பாதிக்கு மேல் என்று வைத்தால் எலும்புக்கு 2. தசை ஓரளவே காயம், 1. வயல் அழுக்குக்கு 2. மொத்தம் 9. 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் காலைக் காப்பாற்றலாம், 17 அல்லது அதற்கு மேல் போனால் பெரும்பாலும் எடுக்க வேண்டிவரும், 15, 16 நடுவில் தொங்கும். ஆக இங்கே கால் பிழைக்கும் கால். ஆனால் மொத்தம் 10க்குக் கீழே இருக்கிறதே என்று உடனே தைத்து மூடிவிடலாமா என்று கேட்டால், முடியாது. அவர்களுடைய நிபந்தனைகளில் தோல் இழப்பு இருக்கக் கூடாது, கரிமக் கழிவு அழுக்கும் இருக்கக் கூடாது.

குவார்ட்டர்ஸ்_12

எல்லாம் சரி. முருகு இப்போது ஜென்டாமைசினையே விட்டுவிட்டானே? அமெரிக்க ஈஸ்ட் வழிகாட்டுதலில் டைப் 3க்கு கிராம் நெகட்டிவ் கவர் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. விட்டால் மதிப்பெண் போகும்.

ஆர்த்தோ_பழசு

நியாயமான கேள்வி. சேர்க்கலாம். இந்தக் கேஸில் பி.பி. நன்றாக இருக்கிறது, சிறுநீரகக் கோளாறு சொல்லவில்லை, அதனால் சேர்ப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் ஷாக்கில் வந்தவருக்கும், நசுங்கிய தசையிலிருந்து மயோகுளோபின் ஓடுகிறவருக்கும் நான் போட மாட்டேன், அப்போது செஃப்ட்ரியாக்சோன். வயல் அழுக்குக்குப் பென்சிலின் பழைய பழக்கம். செஃபசோலினும் கோ-அமாக்ஸிக்ளாவும் க்ளோஸ்ட்ரிடியாவுக்கு வேலை செய்யும், அதைவிட அந்தச் செத்த தசையை வெட்டி எடுப்பது முக்கியம். எக்ஸாமினர் பென்சிலின் விரும்புகிறவராக இருந்தால் சண்டை போடாதே, "சில இடங்களில் சேர்ப்பார்கள்" என்று சொல்லிவிட்டுப் போ.

நிறுத்துவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். காயம் மூடும்வரை, அல்லது 72 மணி நேரம், எது முன்னால் வருகிறதோ அதுவரை. ஃப்ளாப் இரண்டு வாரம் தள்ளிப்போனால் ஆன்டிபயாடிக்கையும் இரண்டு வாரம் ஓட்டுவது வேறு ஒன்றையும் செய்வதில்லை, ரெசிஸ்டன்ட் கிருமியைத்தான் வளர்க்கும்.

லீட்ஸ்_குளிரில்

சார், ஃபிக்ஸேஷனில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் என்று நினைக்கிறேன். இங்கே லீட்ஸிலிருந்து 2000ல் வந்த "ஃபிக்ஸ் அண்ட் ஃப்ளாப்" தாளைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். நெயிலும் ஃப்ளாப்பும் ஒரே நேரத்தில். போஸ்ட்டிலும் ஃப்ளாப் உடனே தொடருமானால்தான் உள்ளே நிரந்தர இம்ப்ளான்ட், இல்லாவிட்டால் வெளியே ஃபிக்ஸேட்டர் என்று இருக்கிறது. அந்த விதியை அப்படியே சொல்வதுதான் பாதுகாப்பு.

ஆர்த்தோ_பழசு

விதியாக எனக்கும் அதுவே. ஆனால் நம் மாவட்ட ஆஸ்பத்திரியில் டிப்ரைட்மென்ட் சுத்தமாக முடிந்து, ஃப்ளாப் மூன்றாம் நாள் நிச்சயம் என்று மேடம் மாதிரி ஒருவர் வாக்குக் கொடுத்தால், நான் முதல் நாளே ரீமிங் இல்லாமல் நெயில் போட்டிருக்கிறேன். எல்லாம் நன்றாகப் போனது என்று சொல்ல மாட்டேன். வைவாவில் இதைச் சொல்லாதீர்கள் முருகு.

ஃப்ளாப்_மீனா

வாக்குக் கொடுக்கிறவர் மூன்றாம் நாள் லீவில் இருந்தால்? சார், இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபிக்ஸேட்டர் போடுங்கள், பின் சுத்தமாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் நெயிலுக்கு மாற்றலாம். வெற்று எலும்பின் அடியில் நெயில் காத்துக் கிடக்கிற காலை என் மேஜையில் பார்க்க எனக்குப் பிடிக்காது.

நைட்டுட்யூட்டி_முருகு

எக்ஸாமினர் "உங்கள் ஊரில் பிளாஸ்டிக் சர்ஜனே இல்லை" என்று சொன்னால்?

பிஎச்சி_டாக்டர்

எங்களைப் போலத்தான் செய்ய வேண்டும் தம்பி. ஆன்டிபயாடிக்கைப் போட்டு, நேரத்தை எழுதி, அனுப்பிவிடு.

ஃப்ளாப்_மீனா

இதற்கு மேல் நான் சேர்க்க வேண்டியது, அனுப்புவதற்கு முன் டிப்ரைட்மென்ட் செய்துவிட்டு அனுப்புவதா, செய்யாமலே அனுப்புவதா என்பது. இரண்டு மணி நேரத்தில் சேர்ந்துவிடும் என்றால் தொடாமல் அனுப்புங்கள். ஆறு மணி நேரம் ஆகும், காயத்தில் வயல் சேறு என்றால் சுத்தம் செய்து, பார் குறுக்கே வராதபடி ஃபிக்ஸேட்டர் போட்டு அனுப்புங்கள். இடைப்பட்ட தூரத்துக்கு எனக்கே ஒரே பதில் இல்லை. அன்றைக்கு யார் போனை எடுக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும்.